‘ஆறு மாசமாச்சு, வாங்க’ என்றால் போதுமா டாக்டர்?

உங்கள் செல்போனை எடுத்து, வந்திருக்கும் மெசேஜ்களைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பேங்க்கிலிருந்து வந்தது, கேஸ் சிலிண்டர் புக் ஆனது, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி... இதற்கெல்லாம் நடுவே இப்படி ஒன்று கிடக்கலாம்: ‘தங்கள் பல் பரிசோதனை முடிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. மறு பரிசோதனைக்குத் தொடர்பு கொள்ளவும்.’

படித்திருப்பீர்கள். ‘ஆமா, போகணும்’ என்று மனசுக்குள் சொல்லியும் இருப்பீர்கள். அதோடு சரி!

பயப்படாதீர்கள், உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் ஒரு பல் டாக்டர். அந்த மாதிரி மெசேஜை வருஷக்கணக்கில் அனுப்பிக் கொண்டிருந்தவன். வராதவர்களைப் பார்த்து, ‘நம்ம ஜனங்களுக்கு வலி வந்தாத்தான் பல்லு ஞாபகம் வரும்’ என்று அலுத்துக் கொண்டவனும்கூட. தப்பு ஜனங்களிடம் இல்லை, என் மெசேஜில்தான் இருந்தது என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு டீச்சர்.

நாலு மெசேஜ், ஒரு பல்

2023 பிப்ரவரியில் அவர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். வயது நாற்பத்திரண்டு. வலி கிடையாது, கூச்சம் கிடையாது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பைட்விங் எக்ஸ்-ரே எடுத்தேன். இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் காட்டுகிற சின்ன எக்ஸ்-ரே அது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியாத சொத்தை அதில் நிழலாகத் தெரியும். கீழ் வரிசையில், வலது பக்கக் கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் ஒரு நிழல் இருந்தது.

பல்லின் வெளிக்கூடு எனாமல். உள்ளே இருப்பது டென்டின். எனாமல் கல் மாதிரி. சொத்தை அதைக் கடக்க வருஷக்கணக்கில்கூட ஆகும். சில சமயம் அங்கேயே நின்றும் போகும். டென்டின் அவ்வளவு கெட்டி இல்லை. அதற்குள் நுழைந்துவிட்டால் சொத்தை வேகம் பிடிக்கும். டீச்சருடைய நிழல் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில் நின்றது. 

இப்படிப்பட்ட இடத்தில் அவசரப்பட்டுக் குடைந்து அடைக்கக் கூடாது. ஃப்ளோரைடு பூசினேன். பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய நூல் உபயோகிக்கச் சொன்னேன். ஸ்கூலில் பீரியடுக்குப் பீரியட் குடிக்கிற சர்க்கரை போட்ட டீயைக் குறைக்கச் சொன்னேன். ‘ஆறு மாசம் கழிச்சு வாங்க டீச்சர், நின்னுருக்கா, நகர்ந்துருக்கான்னு பார்த்துடலாம்’ என்றேன். ‘கண்டிப்பா டாக்டர்’ என்றார்.

அடுத்து அவர் வந்தது 2025 ஏப்ரலில். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. சொத்தை டென்டினைத் தாண்டி நரம்பு வரைக்கும் போயிருந்தது. ரூட் கேனல் செய்து, மேலே கேப் போட வேண்டியதாயிற்று. நடுவில் வந்திருந்தால் ஒரே தடவையில் அடைத்து அனுப்பியிருக்கக்கூடிய பல் அது. இப்போது மூன்று தடவை வந்து உட்கார வேண்டியிருந்தது; செலவும் பல மடங்கு.

என் வாய் சும்மா இருக்குமா? ‘மெசேஜ் வரலியா டீச்சர்?’ என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். 2023 ஆகஸ்ட், 2024 பிப்ரவரி, 2024 ஆகஸ்ட், 2025 பிப்ரவரி. நாலு மெசேஜ். நாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்!

‘எல்லாத்தையும் பார்த்தேன் டாக்டர். முதல் தடவை பார்க்கறப்போ அடுப்புல பால் இருந்துச்சு. அப்புறம் கூப்பிடலாம்னு வச்சேன். கூப்பிட்ட நேரத்துல உங்க கிளினிக் மூடியிருந்துச்சு. அப்புறம் மறந்தே போச்சு. பல்லும் வலிக்கல. அடுத்தடுத்து வந்ததெல்லாம் பேங்க் மெசேஜ் மாதிரி ஆயிடுச்சு.’

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

‘தொடர்பு கொள்ளவும்’ – அதற்குள் எத்தனை வேலை!

அன்று ராத்திரி அந்த மெசேஜை நானே ஒரு நோயாளியாக இருந்து படித்துப் பார்த்தேன். ‘தொடர்பு கொள்ளவும்’ – எழுதுவதற்கு இரண்டே வார்த்தை. செய்வதற்கு?

முதலில் கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஞாபகம் வர வேண்டும். எங்களுக்குக் காலையில் பத்திலிருந்து ஒன்று, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டரை. ஸ்கூல் டீச்சருக்குக் காலை நேரம் உதவாது. சாயங்காலம் கூப்பிட்டால் எங்கள் ரிசப்ஷனில் இருக்கிற பெண் இன்னொரு போனில் பேசிக் கொண்டிருப்பாள். லைன் கிடைத்தால், ‘என்னிக்கு வர்றீங்க மேடம்?’ என்று கேட்பாள். என்னிக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்; ஸ்கூட்டர் அவரிடம் இருக்கிறது. பையனுடைய டியூஷன் எந்த நாள் என்று பார்க்க வேண்டும். ‘கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று வைத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

வலி இருந்தால் இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் நடக்கும். வலி இல்லாத பல்லுக்காக யார் செய்வார்கள்? நான் செய்வேனா என்று கேட்டுக் கொண்டேன். என் கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லி எனக்கு வந்த மெசேஜும் என் போனில்தான் தூங்கிக் கொண்டிருந்தது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நினைவூட்டுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவரின் நோயாளிகளை வைத்து ஆல்ட்மன், டிராக்ஸ்லர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தி, 2014-ல் வெளியிட்டார்கள். பரிசோதனைக்கு நேரம் வந்தவர்களில் சிலருக்கு எதுவும் அனுப்பவில்லை. சிலருக்குச் சாதாரண அஞ்சலட்டை. இன்னும் சிலருக்கு, வருமுன் காப்பதன் நன்மைகளையும் சேர்த்து எழுதிய அஞ்சலட்டை. அட்டை போனவர்களில் ஒரு மாதத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர்கள், போகாதவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால், நன்மைகளை விளக்கி எழுதிய அட்டையால் கூடுதலாக ஒரு பலனும் இல்லை. சாதாரண அட்டைதான் நன்றாக வேலை செய்தது!

நம்மைப் போன்ற டாக்டர்களுக்கு இது உறைக்க வேண்டிய விஷயம். மெசேஜ் பலிக்கவில்லை என்றால் உடனே, ‘பல் போனால் சொல் போச்சு’ என்று பிரசங்கத்தைச் சேர்க்கிறோம். பல் முக்கியம் என்று யாருக்குத் தெரியாது? டீச்சருக்குத் தெரியாதா? அவருக்கு இல்லாமல் போனது புத்திமதி இல்லை. ஒரு கிழமையும் ஒரு மணியும்தான்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசி பற்றி ஒரு சோதனை செய்தார்கள், 2010-ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு, ‘தடுப்பூசி போட நேரம் வாங்கிக் கொள்ளலாம்’ என்று தகவல். மறு பாதிக்கு, ‘உங்களுக்கு இந்தத் தேதி, இந்த நேரம் ஒதுக்கியிருக்கிறோம், வேண்டாம் என்றால் மாற்றலாம்’ என்று தகவல். முதல் கூட்டத்தில் 100-க்கு 33 பேர் ஊசி போட்டுக் கொண்டார்கள். நேரம் ஒதுக்கப்பட்ட கூட்டத்தில் 45 பேர். ஊசி ஒன்றுதான், ஜனங்களும் ஒரே மாதிரிதான். வேலையை யார் தலையில் வைத்தோம் என்பதுதான் வித்தியாசம்.

மாற்றி எழுதிய மெசேஜ்

இப்போது எங்கள் கிளினிக்கிலிருந்து போகிற மெசேஜ் இப்படி இருக்கும். டீச்சருக்கு 2023 ஆகஸ்டில் நான் அனுப்பியிருக்க வேண்டியதும் இதுதான்:

‘வணக்கம் டீச்சர். போன தடவை எக்ஸ்-ரேயில் பார்த்த கடைவாய்ப் பல்லை மறுபடி பார்க்கும் நேரம் வந்துவிட்டது. உங்களுக்காக இரண்டு நேரம் எடுத்து வைத்திருக்கிறோம்.
1 – சனி, மாலை 5.30
2 – செவ்வாய், மாலை 6.00
எது வசதியோ அந்த எண்ணை மட்டும் பதிலாக அனுப்புங்கள். இரண்டும் சரிப்படாவிட்டால் 3, இப்போதைக்கு வேண்டாம் என்றால் 0. பேச விரும்பினால் இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் போதும், நாங்கள் கூப்பிடுகிறோம். பார்ப்பதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். கட்டணம் 200 ரூபாய். அதற்கு மேல் எது செய்வதானாலும் உங்களைக் கேட்டுத்தான்.’

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் வரியில் ‘ஆறு மாதம்’ என்ற வார்த்தையே இல்லை, பார்த்தீர்களா? ஏன் வர வேண்டும் என்பது இருக்கிறது. ஊருக்கெல்லாம் அடித்த நோட்டீஸ் இல்லை, தனக்கு வந்த கடுதாசி என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். 

நேரம் இரண்டே இரண்டு. ‘எப்ப வேணா வாங்க’ என்பது பெருந்தன்மை மாதிரி தோன்றும். ஆனால் யோசிக்கிற வேலையை அது உங்களிடம் தள்ளிவிடுகிறது. அந்த இரண்டு நேரமும் சும்மா எடுத்தது இல்லை. டீச்சர் என்றால் சாயங்காலம், கடைக்காரர் என்றால் மத்தியானம், ஸ்கூல் பிள்ளை என்றால் சனிக்கிழமை என்று முதல் தடவை வரும்போதே கேட்டு அட்டையில் குறித்து விடுகிறோம். 

கடைசி வரி பயத்துக்காக. ‘போனா என்னத்தையாவது சொல்லி எவ்வளவு தீட்டுவாரோ’ என்று பலர் மெசேஜை மூடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா என்ன? எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். 

‘0’ எதற்கு? வேண்டாம் என்று சொல்ல மரியாதையான வழி இருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துவோம். அதற்கு மேல் தொந்தரவு செய்வதில்லை.

ஆறு மாதம் என்பது வேத வாக்கா?

இந்த இடத்தில் சில வாசகர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ‘சுலபமா வரவழைச்சு வசூல் பண்ண நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கீங்க டாக்டர்!’

நியாயமான சந்தேகம். அதனால் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றை உடைத்தே சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் ஆறு மாதம் என்பதற்கு உறுதியான விஞ்ஞான ஆதாரம் கிடையாது. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கிற ‘நைஸ்’ அமைப்பு 2004-லேயே, ஆளைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை, பதினெட்டு வயதுக்குக் கீழே 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை இடைவெளி வைக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், ஒழுங்காகப் பல் டாக்டரிடம் போய்வருகிற பெரியவர்களில், கண்டிப்பாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தவர்களுக்கும், அவரவர் நிலைமைக்கேற்ப இடைவெளி வைத்து வந்தவர்களுக்கும் சொத்தையிலோ ஈறிலோ பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. 

‘ஒழுங்காகப் போய்வருகிற’ என்ற வார்த்தையை மறந்துவிடாதீர்கள். வலி வந்தால் மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

அப்படியானால் யாருக்கு எவ்வளவு? ஈறு நோய்க்கு ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டவருக்கு ஆறு மாதம் என்பதே அதிகம். ஈறுக்கு அடியில் கிருமிக் கூட்டம் சில வாரங்களில் மறுபடி சேர ஆரம்பித்துவிடும். அதனால் அவரை மூன்று மாதத்தில் கூப்பிடுகிறோம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், மாத்திரைகளால் வாய் வறண்டு போகிறவர், புகையிலை போடுகிறவர், கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கிற ஆறு ஏழு வயதுக் குழந்தை – இவர்களையும் தள்ளிப் போடக் கூடாது. ஈறும் பல்லும் சுத்தமாக, வருஷக்கணக்கில் புதுச் சொத்தை இல்லாமல் இருப்பவரை ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டாலே போதும். 

ஒரே வீட்டிலேயே அப்பாவுக்கு மூன்று மாதம், அம்மாவுக்கு ஒரு வருஷம், பையனுக்கு ஆறு மாதம் என்று வரலாம். நாலு பேருக்கும் ஒரே நாளில் ஒரே மெசேஜ் வந்தால், உங்கள் பல்லை யாரும் பார்க்கவில்லை, காலண்டரைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வருவதைச் சுலபமாக்குகிற டாக்டருக்கு, தேவையில்லாதவரைக் கூப்பிடாமல் இருக்கிற பொறுப்பும் கூடவே வருகிறது. அதனால்தான் காரணம் முதல் வரியில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

நல்ல மெசேஜ் எழுதியும் காரியம் கெடுகிற இடங்கள் உண்டு. முதலாவது, போன் நம்பர். நம் வீடுகளில் எல்லாருக்கும் அப்பா நம்பரைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். அம்மாவுடைய பல்லுக்கான மெசேஜ் அப்பாவின் ஆபீஸ் மீட்டிங்கில் போய் ‘டிங்’ என்று அடிக்கும். அவர் பார்ப்பார், வீட்டுக்கு வந்து சொல்ல மறப்பார். எங்கள் அட்டைகளைப் புரட்டியபோது, பாட்டிக்கான மெசேஜ் வெளிநாட்டுக்குப் போய்விட்ட பேரனின் பழைய நம்பருக்குப் போய்க் கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம்!

நம்பர் பொதுவாக இருக்கும்போது இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். கடைவாய்ப் பல் என்று எழுதலாம். புகையிலையால் கன்னத்தில் வந்த வெள்ளைப் படலத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதலாமா? வீட்டில் இன்னொருவர் படிக்க நேர்ந்தால்? அப்படிப்பட்டவர்களுக்கு ‘போன தடவை குறித்து வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். அவருக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது.

இரண்டாவது, பதில் போகாத மெசேஜ். சில கிளினிக் மெசேஜ்கள் போன் நம்பருக்குப் பதில் ஆங்கில எழுத்துப் பெயரிலிருந்து வரும், பேங்க் மெசேஜ் வருகிற மாதிரி. அதற்கு நீங்கள் பதில் அனுப்ப முடியாது. கிளினிக்குகள் அதை விட்டு, தங்கள் சொந்த நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் நல்லது. உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: தெரியாத நம்பரிலிருந்து, ‘பல் பரிசோதனைக்கு இந்த லிங்கை அழுத்திப் பணம் கட்டுங்கள்’ என்று வந்தால் தொடாதீர்கள். உங்கள் டாக்டரின் சீட்டில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் டாக்டர் இன்னும் பழைய மாதிரிதான் அனுப்புகிறார் என்றால் என்ன செய்வது? அடுத்த தடவை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன் கேளுங்கள்: ‘டாக்டர், நான் எத்தனை மாசத்துல வரணும்? எதுக்கு?’ பதிலை நீங்களே சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள். உங்கள் சொந்த நம்பரையும், எந்தக் கிழமை, எந்த நேரம் வசதி என்பதையும் ரிசப்ஷனில் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் அடுத்த தேதியை அங்கேயே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பரீட்சை, கல்யாணம் என்று ஏதாவது வந்தால் மாற்றிக் கொள்ளலாம். 

அந்த ‘தொடர்பு கொள்ளவும்’ மெசேஜ் வாட்ஸ்அப்பில் வந்தால், போனைக் கீழே வைப்பதற்கு முன் அங்கேயே ஒரு வரி பதில் போடுங்கள்: ‘சனி அல்லது செவ்வாய் சாயங்காலம் வர முடியும், நேரம் சொல்லுங்கள்.’ பந்து இப்போது அவர்கள் பக்கம்!

டீச்சர் என்ன ஆனார் என்று கேட்பீர்களே. 2025 ஏப்ரலில் அந்தப் பல்லைப் பார்த்தபோதே, மேல் வரிசையில் இடது பக்கம் இன்னொரு நிழல் தெரிந்தது. இதுவும் வாசற்படியில்தான் நின்றது. அக்டோபரில் புது மெசேஜ் போனது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘2’.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூல் பையோடு வந்து உட்கார்ந்தார். எக்ஸ்-ரே எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிழல் நகரவில்லை. குடையவில்லை, அடைக்கவில்லை, 15 நிமிஷத்தில் எழுந்துவிட்டார்.

‘அவ்வளவுதானா டாக்டர்?’ என்றார்.

அவ்வளவுதான் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அவ்வளவுதான் என்று முடிந்திருக்க வேண்டியது.